லாபம் 12 லட்சம், பணம் எங்கே?

உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தின் இயக்குநர் குழு மூன்று மாதங்களுக்கு ஒருமுறையேனும் கூட வேண்டும் என்பது நிறுவனச் சட்டத்தின் விதி. அதனால் மன்னார்குடிப் பக்கத்தில், சொந்த அரிசி ஆலை வைத்திருக்கும் எங்கள் நிறுவனத்தில் காலாண்டு அறிக்கையைத் தயாரிப்பதும், அதைக் கூட்டத்தில் படம் படமாக எடுத்துச் சொல்வதும் கணக்கரான என் பொறுப்பில் இருக்கின்றன. இயக்குநர்கள் எல்லோரும் சம்பா பயிரிடுகிறவர்கள். நெல்லைப் பற்றி அவர்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் இருப்புநிலைக் குறிப்பை எடுத்தவுடன் படிக்கும் பழக்கம் அவர்களுள் சிலருக்கே உண்டு. ஆகவே அறிக்கையின் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு தனித்தாளில் பேச்சை முழு வாக்கியங்களாக எழுதி வைத்துக்கொள்கிறேன். ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலாண்டுக்கு எழுதிய தாள்களைப் பற்றியே இங்கே சொல்கிறேன். நிறுவனத்தின் எண்களை அப்படியே வெளியிட இயலாது என்பதால், விகிதம் கெடாமல் மாற்றித் தந்திருக்கிறேன்.

ஒவ்வொரு தாளும் ஒரே வகையில்தான் தொடங்கும்: இந்தப் படம் எதை அளக்கிறது, எந்த அலகில், எந்த மாதங்களுக்கு. முடிவைச் சொல்வது அதற்குப் பிறகுதான். படம் திரையில் வந்தவுடன் கண் உயரமான தூணுக்குப் போய்விடும். அதற்குள் நாம் காரணம் பேசத் தொடங்கினால், அவர்கள் பார்ப்பது ஒன்றும் நாம் சொல்வது வேறொன்றுமாகிவிடும்.

முதல் படம் விற்பனை. முந்தைய காலாண்டில் 1 கோடியே 60 லட்சம், இந்தக் காலாண்டில் 3 கோடியே 20 லட்சம் என்று இரண்டு தூண்களை மட்டும் நிறுத்தினால், வியாபாரம் இரட்டிப்பானதாகத் தோன்றும். ஆனால் டெல்டாவில் சம்பா அறுவடை ஜனவரி, பிப்ரவரியில் வருகிறது; அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழை மாதங்களோடு அதை ஒப்பிட்டால், பருவம் செய்த வேலையை நிறுவனத்தின் சாதனையாகக் காட்டியதாகிவிடும். எனவே படத்தில் சென்ற ஆண்டின் இதே மூன்று மாதங்களைப் பக்கத்தில் வைத்தேன். அது 3 கோடியே 40 லட்சம். தாளில் எழுதியிருந்த வாக்கியம் இது: “சென்ற ஆண்டு இதே பருவத்தைவிட விற்பனை ஏறத்தாழ 6 சதவீதம் குறைந்திருக்கிறது, முந்தைய காலாண்டோடு ஒப்பிட வேண்டாம்.” இதைச் சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டேன்.

இரண்டாவது படம் அரவை விகிதம், அதாவது நூறு கிலோ நெல்லுக்குக் கிடைத்த அரிசி. அரசுக்காக அரைக்கும் ஆலைகளிடம் பச்சரிசிக்கு 67, புழுங்கலரிசிக்கு 68 என்று எதிர்பார்க்கிறார்கள். நாங்கள் அரைப்பது புழுங்கல். கோடு 67.6இல் தொடங்கி பிப்ரவரியில் 66.2க்கு இறங்கியிருந்தது. இடப்பக்க அளவைப் பூஜ்யத்திலிருந்து வரைந்தால் இந்த இறக்கம் கண்ணுக்கே தெரியாது. 64இலிருந்து வரைந்தால் ஆலை மூழ்கிவிட்டதுபோல் தெரியும். தெரிய வேண்டியது என்பதால் 64இலிருந்தே வரைந்து, அதை வாயாலும் சொன்னேன்: “இடப்பக்க அளவு 64இல் தொடங்குகிறது, இறக்கம் ஒன்றரைப் புள்ளிக்கும் குறைவு. நூறு டன் நெல்லுக்கு 1.4 டன் அரிசி.” காரணத்தைச் சொல்ல இன்னொரு எண் தேவைப்பட்டது. பிப்ரவரியில் சுத்தம் செய்யும் இயந்திரத்திலிருந்து வெளியேறிய பதரும் கருக்காயும் எடை கூடியிருந்தன. உமியோடு முழு நெல் போகவில்லை. இயந்திரத்தில் குறை இருந்திருந்தால் இது தலைகீழாக இருந்திருக்கும். மழையில் சாய்ந்த வயல்களின் நெல் அது என்பதை இயக்குநர்களே முடித்துவைத்தார்கள்.

மூன்றாவது படத்தை விரைவாகக் கடந்தேன். மொத்த வியாபாரிகளிடமிருந்து வர வேண்டிய பாக்கி 25 லட்சம் கூடியிருந்தது. அதில் 90 நாளைத் தாண்டியது எதுவுமில்லை. இந்த 25 லட்சம் அடுத்த படத்தில் மறுபடியும் வரும் என்று மட்டும் சொல்லிவைத்தேன்.

நான்காவது படத்துக்குத்தான் மற்ற மூன்றுக்கும் சேர்ந்த நேரத்தை ஒதுக்கியிருந்தேன். ரொக்கம் எங்கிருந்து எங்கே போனது என்று படிக்கட்டுபோல் ஏறி இறங்கும் தூண் படம் அது. மூத்த இயக்குநர் ஒருவர் அறிக்கையை முன்கூட்டியே படித்திருந்தார். “லாபம் 12 லட்சம்ங்கிறீங்க, பேங்க்ல 70 லட்சம் இருந்தது 30 ஆயிருக்கு. பணம் எங்க போச்சு தம்பி?” என்றார். “அதைத்தாங்க ஐயா இந்தப் படம் காட்டுது, ஒவ்வொரு தூணா வர்றேன்” என்று சொல்லிவிட்டுத் தாளிலிருந்தே படித்தேன். தொடக்கத்தில் 70 லட்சம். லாபம் 12 லட்சம் சேர்கிறது. தேய்மானம் 3 லட்சம், கணக்கில் செலவாகக் கழித்தது, கையிலிருந்து போகாதது, அதையும் சேர்க்கிறோம். பாக்கி கூடியதில் 25 லட்சம் இறங்குகிறது. நெல் கையிருப்பில் 90 லட்சம் இறங்குகிறது. வங்கிக் கடன் 60 லட்சம் ஏறுகிறது. முடிவில் 30 லட்சம்.

90 லட்சம் என்று சொன்னபோது யார் முகத்திலும் எதுவும் தெரியவில்லை. அடுத்த வரியில் அதை அவர்கள் அலகுக்கு மாற்றி எழுதியிருந்தேன்: குவிண்டால் 2,400 ரூபாய்க்கு வாங்கிய 375 டன், 60 கிலோ மூட்டையில் 6,250 மூட்டை, கிடங்கின் வடக்குப் பக்கம் அடுக்கியிருப்பது. பணம் செலவாகிவிடவில்லை, நெல்லாக நிற்கிறது என்பது அங்கேதான் எல்லோருக்கும் பிடிபட்டது.

பிடிபட்டவுடன் எழுந்த கேள்வி இன்னும் கூர்மையானது. “வாங்குறப்ப ஈரம் 17, இப்ப 14தான இருக்கும்? அப்ப அதே 375 டன் எப்படி நிக்கும்?” கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதத்துக்காக வரிசையில் காத்திருந்தவர்கள் கேட்கும் கேள்வி அது. நூறு கிலோ நெல்லில் 17 சதவீதம் ஈரமென்றால் உலர்பொருள் 83 கிலோ. அது 14 சதவீதத்துக்குக் காய்ந்தால் மொத்த எடை 96.5 கிலோ. ஆக 375 டன் ஏறத்தாழ 362 டன்னாகிறது. 13 டன் நட்டம் என்று இதை எழுதுவதில்லை. காய்ச்சலில் குறைவது இயல்பான குறைவு, அதனால் கொடுத்த பணம் மீதமுள்ள எடையின் மேல் ஏறுகிறது. கையிருப்பின் மதிப்பு அதே 90 லட்சம், ஆனால் குவிண்டாலின் அடக்க விலை 2,400 அல்ல, 2,487. மழை நீர் கசிந்து மூட்டை கெட்டிருந்தால் அது வேறு கணக்கு. அதை அந்தக் காலாண்டிலேயே நட்டமாகக் காட்டியாக வேண்டும். இந்த 2,487ஐ நான் படத்தின் தூணுக்கு அடியிலேயே அச்சிட்டிருந்தேன், ஏனென்றால் படத்தில் தெரியாத ஒரு ஆபத்து அதில் இருக்கிறது: அரிசி விலை இறங்கி, அரவைச் செலவு போக இந்த அடக்க விலை கிடைக்காமல் போனால், இன்று காட்டும் 12 லட்சத்தின் ஒரு பகுதி அடுத்த காலாண்டில் கரையும்.

தாளின் கடைசி வரி ஒரு தீர்மானத்துக்கானது. 60 லட்சம் கடனுக்கு 10 சதவீத வட்டி என்றால் மாதம் 50,000 ரூபாய். 6,250 மூட்டைக்குப் பிரித்தால் மூட்டைக்கு மாதம் 8 ரூபாய். ஐந்து மாதம் வைத்திருந்தால் 40 ரூபாய். அதற்கு மேல் விலை ஏறும் என்று நினைக்கிறவர்கள் வைத்திருக்கச் சொல்லலாம் என்று படித்துவிட்டு உட்கார்ந்தேன். அரைமணி நேர விவாதத்துக்குப் பின், பாதி நெல்லை மே மாதத்துக்குள் அரைத்து விற்றுக் கடனைக் குறைப்பது, மீதியை ஆகஸ்ட் வரை வைத்திருப்பது என்று முடிவாயிற்று.