ஏரிக்கரையில் 11 ஆணிகள்: ட்ரோன் வரைபடத்தைத் தரையோடு பொருத்திய அனுபவம்

மென்பொருள் கொடுத்த அறிக்கையில் பிழை 2 சென்டிமீட்டர் என்று இருந்தது. ஆனால் ட்ரோன் புகைப்படங்களைச் சேர்த்து அது உருவாக்கிய ஆர்த்தோமொசைக்கை ஏரியின் பழைய அளவை வரைபடத்தின் மேல் வைத்தபோது, மதகின் மூலை ஏறக்குறைய 2 மீட்டர் தள்ளி நின்றது. கலங்கலும் அப்படியே, கரைமேல் இருந்த சிறுபாலமும் அப்படியே. எல்லாமே ஒரே பக்கம், ஒரே அளவு விலகியிருந்தன. இது எங்கே வந்த தவறு என்று கண்டுபிடிக்க எங்களுக்கு 3 நாள் ஆனது.

சென்னையின் தெற்குப் புறநகரில், ஓ.எம்.ஆருக்கு மேற்கே இருக்கும் ஓர் ஏரி அது. தூர்வாரும் முன்னும் பின்னும் அளந்து, எவ்வளவு மண் எடுத்தார்கள் என்று கணக்கிட வேண்டும். 4 வருடத்துக்கு முன் டோட்டல் ஸ்டேஷன் என்ற நில அளவைக் கருவியால் எடுத்த வரைபடம் ஒன்று இருந்தது. புதிய படம் அதோடு பொருந்த வேண்டும் என்பது ஒப்பந்தக்காரரின் நிபந்தனை. எங்கள் ட்ரோனில் இருப்பது சாதாரண ஜி.பி.எஸ். ஒவ்வொரு புகைப்படத்திலும் அது பதியும் இடம் சில மீட்டர் தவறும், உயரம் இன்னும் மோசம். அதனால் ஆயத்தொலைவு தெரிந்த அடையாளங்களைத் தரையில் வைத்து, அவற்றைப் படத்தில் காட்டி, மொத்தப் படத்தையும் அவற்றோடு கட்ட வேண்டும். தரைக் கட்டுப்பாட்டுப் புள்ளி, பேச்சில் ஜி.சி.பி., என்பது இதுதான். (பறப்பதற்கு முன் டிஜிட்டல் ஸ்கை என்ற அரசுத் தளத்தின் வான்வெளி வரைபடத்தில் அந்த இடம் எந்த மண்டலத்தில் வருகிறது என்று பார்த்துவிடுங்கள். மீனம்பாக்கமும் தாம்பரம் விமானப்படைத் தளமும் இருப்பதால் தென்சென்னையில் இதைத் தவிர்க்கவே முடியாது.)

முதலில் நான் போட்ட திட்டத்தில் எல்லாப் புள்ளிகளும் கரைமேல் போகும் பாதையில்தான் இருந்தன. வண்டி போகும், நிழல் இல்லை, வேலை ஒரு மணி நேரத்தில் முடியும். எங்கள் குழுவில் மூத்தவரான அண்ணன் அதைப் பார்த்துவிட்டு, "தம்பி, ஒரே வரிசையில் கால் நட்டுப் பந்தல் போடுவியா?" என்று கேட்டார். புரிந்துவிட்டது. புள்ளிகள் ஒரே கோட்டில் இருந்தால் அந்தக் கோட்டின் மேல் படம் நன்றாக உட்காரும். ஆனால் அதையே அச்சாக வைத்துக்கொண்டு எதிர்ப்பக்கம் மேலேயோ கீழேயோ சாய்ந்துவிடலாம். இன்னொன்றும் உண்டு. கேமரா லென்ஸின் வளைவை மென்பொருள் தானே மதிப்பிடுகிறது. அதில் சிறிது பிசகினாலும் நிலப்பரப்பின் நடுப்பகுதி கிண்ணம் கவிழ்த்தாற்போல் உப்பும். மண் அளவு கணக்கிடுகிறவருக்கு இது பெரிய ஆபத்து. ஓரங்களில் மட்டும் புள்ளி வைத்தால் நடுவில் உப்பியது தெரியவே தெரியாது.

எனவே 11 இடம் தேர்ந்தெடுத்தோம். கரையைச் சுற்றி 6, மே மாதம் என்பதால் வறண்டு கிடந்த ஏரித் தரையில் 5. இவற்றில் 8 கட்டுப்பாட்டுக்கு. மீதி 3 சரிபார்ப்புக்கு. அவற்றை மென்பொருளுக்குக் காட்டாமல் வைத்திருந்து, படம் தயாரான பிறகு ஒப்பிட்டுப் பார்ப்போம். ஏரித் தரை கரையைவிட 3 மீட்டர் தாழ்வு என்பதால் இரண்டு மட்டத்திலும் புள்ளி கிடைத்ததில் எனக்குத் திருப்தி. தெற்குப் பக்கம் முழுக்கச் சீமைக் கருவேலம். மரத்தடியில் வைத்தால் மேலிருந்து கேமராவுக்கும் தெரியாது, கீழே இடத்தை அளக்கும் ஜி.என்.எஸ்.எஸ். கருவிக்கும் செயற்கைக்கோள் சிக்னல் சரியாகக் கிடைக்காது. முள்ளுக்குள் அரை மணி நேரம் நடந்து ஒரு வெட்டவெளியைத் தேடிப் பிடித்தோம்.

அடையாளத்துக்கு 60 சென்டிமீட்டர் சதுரம், கறுப்பு வெள்ளைக் கட்டம். 80 மீட்டர் உயரத்தில் எங்கள் கேமராவுக்கு ஒரு பிக்சல் தரையில் 2.2 சென்டிமீட்டர். அப்படியானால் சதுரம் படத்தில் 27 பிக்சல் அகலம் வரும், நடுப்புள்ளியைத் தயங்காமல் குறிக்கலாம். முன்பு ஒரு வேலையில் ஃபிளெக்ஸ் பேனரில் அச்சடித்து வைத்தோம். அதன் பளபளப்பில் வெயில் பட்டு, வெள்ளைக் கட்டம் கறுப்புக்குள் பரவி, நடுப்புள்ளி கரைந்துபோயிருந்தது. இந்த முறை ஒட்டுப்பலகையில் பளபளப்பில்லாத பெயின்ட். ஒவ்வொரு பலகைக்கும் நடுவில் ஓட்டை போட்டு, அதன் வழியாகத் தரையில் ஒரு நீள ஆணி. அளப்பது ஆணியின் தலையை. பலகை நகர்ந்தாலும் ஆணி அங்கேயே இருக்கும். அன்றே அது உதவியது: நாங்கள் பறக்கவிட்ட நேரத்தில் மாடுகள் 7-வது பலகையை இழுத்துவிட்டிருந்தன. முதல் முறை கணக்கிட்டபோது மற்றவை எல்லாம் 2, 3 சென்டிமீட்டரில் நிற்க, அது மட்டும் 34 காட்டியது. பலகை நகர்ந்த பிறகு எடுத்த படங்களில் அதைக் குறிக்காமல் விட்டோம், சரியாகிவிட்டது. ஒரே ஒரு புள்ளி தனித்துத் தவறினால் பெரும்பாலும் காரணம் இப்படித் தரையில்தான் இருக்கும்.

அளப்பதற்கு இரண்டு ஜி.என்.எஸ்.எஸ். கருவிகள். ஒன்றைக் கரைமேல் முக்காலியில் நிறுத்தினோம், அது பேஸ். மற்றது குச்சியில் பொருத்திய ரோவர். ஒவ்வோர் ஆணியிலும் குமிழ் நடுவில் நிற்கக் குச்சியைப் பிடித்து, சென்டிமீட்டர் துல்லியம் கிடைத்துவிட்டது என்று காட்டும் ஃபிக்ஸ் திரையில் வந்த பிறகு 3 நிமிடம் பதிந்தோம். துல்லியம் இன்னும் வரவில்லை என்று காட்டும் ஃப்ளோட் இருந்தால் அளக்கவே இல்லை. ஒரு மணி நேரம் கழித்து எல்லாவற்றையும் இரண்டாம் முறை அளந்தோம். எந்தப் புள்ளியிலும் 2 சென்டிமீட்டருக்கு மேல் வேறுபாடு இல்லை.

இவ்வளவு கவனமாகச் செய்தும் படம் 2 மீட்டர் தள்ளிப்போனது. மூன்று சரிபார்ப்புப் புள்ளிகளும்கூட 3 சென்டிமீட்டருக்குள் பொருந்தின. எனக்குப் பிடிபடாமல் இருந்தது அதுதான்.

தவறு காலையில் முதல் நிமிடத்திலேயே நடந்திருந்தது. பேஸை நிறுத்தியதும் அது எங்கே நிற்கிறது என்று அதற்குச் சொல்ல வேண்டும். நாங்கள் ஒரு நிமிடச் சராசரியை எடுத்துக்கொள்ளும்படி பொத்தானை அழுத்தினோம். தனியாக நிற்கும் கருவி ஒரு நிமிடத்தில் தன் இடத்தைக் கண்டுபிடித்தால் அது மீட்டர் கணக்கில்தான் சரியாக இருக்கும். ரோவர் காட்டும் ஒரு சென்டிமீட்டர் துல்லியம் பேஸிலிருந்து எவ்வளவு தூரம் என்பதற்கு மட்டுமே. பேஸ் தான் நிற்பதாக நம்பும் இடமே பிசகினால் 11 ஆணிகளும் ஒன்றாகப் பிசகும். கட்டுப்பாட்டுப் புள்ளியும் சரிபார்ப்புப் புள்ளியும் அதே பேஸிலிருந்து அளந்தவை என்பதால் இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகத்தான் செய்யும். இந்தத் தவறைக் காட்டிக்கொடுப்பது வேறு வழியில் அளந்த ஓர் இடம் மட்டுமே. எங்களுக்கு அது அந்தப் பழைய மதகு. இதே சென்னையில் 1802-ல் பரங்கிமலை அருகே, இந்திய நிலத்தை முக்கோணங்களால் அளக்கத் தொடங்கிய லாம்ப்டன் ஏழரை மைல் அடிக்கோட்டைச் சங்கிலியால் எவ்வளவு பொறுமையாக அளந்தார் என்று படித்தது அன்று நினைவுக்கு வந்தது. அதன்மேல் வரப்போகும் முக்கோணங்கள் எல்லாம் அந்த ஒரு கோட்டை நம்பித்தான் இருந்தன.

நல்லவேளை, பேஸ் நாள் முழுக்கத் தன் மூலத் தரவைப் பதிந்துகொண்டிருந்தது, 5 மணி நேரத்துக்கு மேல். அதை ரைனெக்ஸ் என்ற பொது வடிவக் கோப்பாக மாற்றி, அதிலிருந்து கருவி நின்ற இடத்தைத் துல்லியமாகக் கணக்கிட்டுத் தரும் கனடா அரசின் இலவசச் சேவையான CSRS-PPP-க்கு மறுநாள் அனுப்பினோம். ஆன்டெனா தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதை மறக்காமல் கொடுக்க வேண்டும். திரும்பி வந்த விடையோடு ஒப்பிட்டால், நாங்கள் கொடுத்த இடம் கிழக்கு மேற்கில் 1.74 மீட்டரும் வடக்கு தெற்கில் 0.82 மீட்டரும் பிசகியிருந்தது. சேர்த்துப் பார்த்தால் 1.92 மீட்டர். 11 புள்ளிகளையும் அதே அளவு நகர்த்தி, படத்தை மறுபடி ஓட்டினோம்.

மதகு நெருங்கி வந்தது, ஆனால் உட்காரவில்லை. இன்னும் 21 சென்டிமீட்டர் வடகிழக்கே நின்றது. 9, 10 பிக்சல், கண்ணுக்கே தெரியும். பழைய வரைபடத்தை அளக்க அடிப்படையாக இருந்த இரண்டு கான்கிரீட் தூண்களுக்கு ரோவரோடு போய் அளந்தோம். இரண்டிலும் பழைய எண்ணிலிருந்து கிழக்கே 16, வடக்கே 14 சென்டிமீட்டர் விலகல். அப்போது அண்ணன் பழைய குறிப்பேட்டைப் புரட்டினார். அந்தத் தூண்களின் ஆயத்தொலைவும் 4 வருடத்துக்கு முன் இதே போன்ற சேவையிலிருந்து வந்தவை. இந்தியத் தட்டு வருடத்துக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வடகிழக்காக நகர்கிறது, அந்தச் சேவையோ தரவு பதிந்த நாளில் புள்ளி எங்கே இருந்ததோ அதைத்தான் தருகிறது. 4 வருடத்தில் 20 சென்டிமீட்டர். தூணும் மதகும் ஏரியும் எல்லாம் சேர்ந்து நகர்ந்திருக்கின்றன, வரைபடத்தில் இருக்கும் எண் மட்டும் நகரவில்லை. பழைய படத்தோடு பொருந்துவதுதான் இங்கே தேவை என்பதால் 16-ஐயும் 14-ஐயும் கழித்தோம். தொடக்கத்திலேயே பேஸை அந்தத் தூணின் மேல் நிறுத்தி, அதன் எண்ணையே கொடுத்திருந்தால் இந்த இரண்டு திருத்தமும் தேவைப்பட்டிருக்காது.

உயரத்துக்கும் தனியாக ஒரு வார்த்தை. பேஸின் உயரம் -84 மீட்டர் என்று வந்ததைப் பார்த்த ஒப்பந்தக்காரர், "ஏரி கடலுக்கு அடியிலா இருக்கு?" என்று பதறினார். செயற்கைக்கோள் கருவி தருவது பூமியின் கணித வடிவத்திலிருந்து அளக்கும் உயரம். சென்னைப் பகுதியில் கடல்மட்டம் அந்த வடிவத்துக்கு 90 மீட்டருக்குச் சற்று மேல் தாழ்வாக இருக்கிறது. இந்த வேறுபாட்டைத் தரும் கணித மாதிரியை மட்டும் நம்பாமல், சிறுபாலத்தில் இருந்த, கடல்மட்ட உயரம் தெரிந்த பெஞ்ச்மார்க்கிலிருந்து ஆட்டோ லெவல் என்ற மட்டக் கருவி வைத்து கரைமேல் இருந்த 3 ஆணிகளுக்கு மட்டம் கொண்டுவந்தோம். மூன்றிலும் வேறுபாடு ஒன்றாகவே இருந்ததால் அதையே எல்லாவற்றுக்கும் சேர்த்தோம்.

படங்களைச் சேர்க்க நாங்கள் பயன்படுத்திய மென்பொருள் வெப் ஓ.டி.எம். அதற்குக் கொடுக்கும் `gcp_list.txt` இப்படி இருக்கும்:

```
EPSG:32644
413262.418 1426305.107 5.382 3127 1884 DJI_0142.JPG gcp05
413262.418 1426305.107 5.382 2210 1406 DJI_0143.JPG gcp05
```

முதல் வரி ஆயத்தொலைவு முறையைச் சொல்கிறது: சென்னை விழும் யு.டி.எம். 44 வடக்கு மண்டலம். பிறகு கிழக்கு, வடக்கு, உயரம், படத்தில் பிக்சல் இடம், படத்தின் பெயர், புள்ளியின் பெயர். ஒவ்வொரு புள்ளியையும் குறைந்தது 3 படத்திலாவது குறிக்க வேண்டும். நாங்கள் 6, 7 படம் எடுத்துக்கொண்டோம், அடையாளம் ஓரத்தில் விழுந்தவற்றைத் தவிர்த்தோம்.

மூன்றாவது முறை ஓட்டியபோது மதகின் மூலை பழைய கோட்டிலிருந்து 4 சென்டிமீட்டரில் நின்றது. சரிபார்ப்புப் புள்ளிகளில் உயரப் பிழை 5 சென்டிமீட்டருக்குள். தூர்வாரிய பிறகு மறுபடி பறக்க வேண்டும் என்பதால், கரைமேல் இருந்த 6 ஆணிகளையும் சுற்றிச் சிமென்ட் போட்டு, சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டு வந்தோம். ஏரித் தரையில் இருந்த ஐந்தும் பொக்லைனோடு போய்விடும். அவற்றுக்குப் புதிதாக ஆணி அடித்து, தூணின் மேல் பேஸை வைத்து அளக்க வேண்டும்.