மொட்டையா, ஒட்ட வெட்டா?

காலையிலேயே சித்தி மகன் வாட்ஸப்பில் ஒரு செல்ஃபி அனுப்பியிருந்தான். "அண்ணே, சுத்தமா ஷேவ் பண்ணிரவா, இல்ல மெஷின் போட்டு ஒட்ட வெட்டிக்கவா?"

செல்ஃபியில் தலையின் வடிவம் தெரியாது. கை நீளத்தில் எடுத்தால் லென்ஸுக்குப் பக்கத்தில் இருக்கும் மூக்கும் நெற்றியும் பெருத்துவிடும், காதும் பின்னந்தலையும் சுருங்கிவிடும்.

"முடியை நனைச்சுப் படிய வாரு. ஆறடி தள்ளி நின்னு, கண் மட்டத்துல வச்சு யாரையாவது எடுக்கச் சொல்லு. பக்கவாட்டுல ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. ஃபிளாஷ் வேண்டாம், மேடு பள்ளமெல்லாம் மறைஞ்சிரும்."

பக்கவாட்டுப் படத்தில்தான் பதில் இருந்தது. உச்சியிலிருந்து பிடரிக்கு இறங்கும் கோடு வளையாமல் நேராக விழுந்தது. தட்டையான பின்னந்தலை. ஷேவ் செய்தால் அது அப்படியே வெளியே தெரியும்.

அவனுக்கு நெற்றி மட்டும்தான் ஏறியிருக்கிறது, உச்சியில் முடி அடர்த்தி. அதனால் பக்கங்களில் 3 மில்லிமீட்டர், பின்னால் 6 விடச் சொன்னேன். அந்தச் சின்ன வித்தியாசமே பின்னந்தலைக்கு ஒரு வளைவு கொடுக்கும்.

உச்சி வழுக்கையாக இருந்திருந்தால் ஷேவ்தான் சொல்லியிருப்பேன். ஒட்ட வெட்டினால் சுற்றிலும் கருப்பு, நடுவில் பளபளப்பு என்று வழுக்கைதான் முதலில் கண்ணில் படும்.

முடிக்கு அடியில் இருக்கும் தழும்பும் சின்னப் பள்ளமும் படத்தில் வராது. அதை விரலால் தடவித்தான் பார்க்க வேண்டும்.

பெரியவனான பிறகு பழனியில் மொட்டை போட்ட படம் இருந்தால் அதைவிட நல்ல சாட்சி இல்லை. காதுகுத்துப் படம் உதவாது, மண்டை அதற்குப் பிறகு எவ்வளவோ மாறியிருக்கும்.