மழை விட்ட பிறகு வந்த 11

சோதனைக்கு முதல்நாள் இரவு ஒன்பது மணிக்கு என்னிடம் ஒரு விடை இருந்தது. என் கூட்டாளியிடம் வேறொரு விடை. எது பிழை என்று எங்கள் இரண்டு பேருக்கும் பிடிபடவில்லை.

கணக்கு சின்னது. உள்ளே போகிற சிக்னல் 2, 1, 3. சிஸ்டத்தின் இம்பல்ஸ் ரெஸ்பொன்ஸ், அதாவது ஒரேயொரு 1 உள்ளே போனால் வெளியே வருவது, 1, 3, 2. இரண்டையும் கொன்வொலூஷன் செய்தால் வெளியே வருவது என்ன? எனக்கு 4, 8, 11, 10, 3 வந்தது. அவளுக்கு 2, 7, 10, 11, 6.

குப்பியில் ஒரு சரிபார்ப்புச் சொல்லித் தந்திருந்தார்கள். (கம்பஸ் பக்கம் வராதவர்களுக்கு: சோதனை நெருங்கும்போது மூத்த பட்ச் அண்ணாமாரும் அக்காமாரும் இருந்து படிப்பிப்பதுதான் குப்பி.) உள்ளே போகிற எண்களின் கூட்டுத்தொகை 6, ரெஸ்பொன்ஸின் கூட்டுத்தொகையும் 6. பெருக்கினால் 36. விடையில் உள்ள எண்களைக் கூட்டினாலும் 36 வரவேண்டும். என்னுடையதைக் கூட்டினேன், 36. அவளுடையதும் 36. நீளமும் பிழையில்லை, 3 + 3 − 1, ஐந்து எண்கள். "ரெண்டும் சரியாயிருக்கேலாது, நான் படுக்கப் போறன்" என்று அனுப்பிவிட்டு அவள் ஃபோனை நிறுத்திவிட்டாள்.

நான் கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியற் பீடத்தில் படிக்கிறேன். வட்டக்கச்சியில் பெரியம்மா வீட்டில் நின்றுதான் போய்வருவது. அன்று பின்னேரமே கரண்ட் போய்விட்டது. சார்ஜ் லாம்பு வெளிச்சத்தில், வெளி விறாந்தையில் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு சூத்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

`y[n] = Σ x[k] h[n−k]`

x உள்ளே போவது, h ரெஸ்பொன்ஸ், y வெளியே வருவது. இது எனக்கு மனப்பாடம். ரெஸ்பொன்ஸைத் திருப்பு, நகர்த்து, பெருக்கு, கூட்டு. ஆனால் ஏன் திருப்பவேண்டும் என்று கேட்டிருந்தால் "சூத்திரத்தில் மைனஸ் இருக்கிறது" என்றுதான் சொல்லியிருப்பேன். உண்மையைச் சொன்னால், அந்தத் திருப்புகிற வேலையை நான் எப்போதோ கைவிட்டிருந்தேன். லெக்சரில் போட்ட உதாரணம் எல்லாம் பெட்டி வடிவம். பெட்டியைத் திருப்பினாலும் அதே பெட்டிதான். திருப்பாமல் செய்த கணக்கெல்லாம் சரியாக வந்துகொண்டிருந்தபடியால், அது ஒரு சடங்கு என்று நினைத்துவிட்டேன்.

பத்து மணிபோல மழை சட்டென்று விட்டது. தவளைச் சத்தம் மட்டும். பெரியப்பாவுக்கு மாங்குளத்தில் இருந்து யாரோ எடுத்தார்கள். அங்கேயும் மழை விட்டுவிட்டதாம். பெரியப்பா பல வருசம் இரணைமடுக் குளத்தில் வான்கதவு வேலையில் இருந்தவர். இப்போது ஓய்வு. ஆனால் மாரி வந்தால் இன்னும் ஆட்கள் அவருக்குத்தான் எடுப்பார்கள். கதைத்து முடித்துவிட்டுப் படுக்கப் போவார் என்று பார்த்தால், கதிரையைக் கொண்டுவந்து எனக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு இருந்தார்.

"மழை விட்டிட்டுதெல்லே பெரியப்பா, படுங்கோவன்."

"மழை விட்டால் என்ன பிள்ளை, தண்ணி இனித்தான் கூடும்."

எனக்கு அது விளங்கவில்லை. மழையே இல்லை, பிறகு எப்படித் தண்ணி கூடும்?

அவர் இருட்டுக்குள் தெற்குப் பக்கம் கையைக் காட்டினார். கனகராயன் ஆறு அந்தப் பக்கத்துக் காடுகளுக்குள்ளால்தான் குளத்துக்கு வருகிறது. "ஒரு பாட்டம் மழை பெய்தா எல்லாம் ஒரேயடியா வந்து விழாது பிள்ளை. கிட்டப் பெய்தது முதல்ல வரும், அது கொஞ்சம். நடுவில பெய்தது அதுக்குப் பிறகு, அதுதான் கன தண்ணி. காட்டுக்குள்ள தேங்கினது கடைசியா ஊறி ஊறி வரும். இப்ப ஆத்தில ஓடுறதை ஒரு மழைத் தண்ணி எண்டு நினைக்கிறியோ? பின்னேரம் பெய்ததின்ர வால், பொழுதுபட்டாப்போல பெய்ததின்ர நடு, இப்ப விட்டதின்ர தலை, எல்லாம் சேந்துதான் ஓடுது. இப்ப விட்ட மழைதான் பெரிய மழை. அதின்ர நடு இன்னும் வரேல்லை."

தலை, நடு, வால். நான் கொப்பியைப் பார்த்தேன். 1, 3, 2.

புதுப்பக்கம் ஒன்றைத் திருப்பி, சூத்திரத்தைத் தொடாமல் மழையைப் போட்டேன். ஒரு அளவு மழை பெய்தால் ஆற்றில் முதல் மணித்தியாலம் 1, அடுத்தது 3, அதற்கடுத்தது 2 என்று வரட்டும். முதல் மணித்தியாலம் 2 அளவு மழை, இரண்டாவதில் 1, மூன்றாவதில் 3. பிறகு மழை இல்லை. ஒவ்வொரு மழையும் தன் பாட்டில் தன் தண்ணியை அனுப்பட்டும்.

```
மணி      1    2    3    4    5
மழை 2    2    6    4
மழை 1         1    3    2
மழை 3              3    9    6
ஆறு      2    7   10   11    6
```

கூட்டாளியின் விடை. ஆனால் அவள் சரி, நான் பிழை என்பதைவிட, மூன்றாம் மணித்தியாலத்து நிரல்தான் என் கண்ணில் நின்றது. அந்தப் பத்து எப்படி வந்தது? 2 அளவு மழையின் வால், 2 × 2. 1 அளவு மழையின் நடு, 1 × 3. 3 அளவு மழையின் தலை, 3 × 1. மழையை வந்த ஒழுங்கில் எழுதினால் 2, 1, 3. அவற்றுக்குப் பக்கத்தில் நிற்கிற எண்கள் 2, 3, 1. அது 1, 3, 2 தலைகீழாக நிற்பது.

நான் எதையும் திருப்பவில்லை. முதலில் பெய்த மழை இந்நேரம் தன் வாலுக்கு வந்துவிட்டது, கடைசியாகப் பெய்தது இப்போதுதான் தலையைக் காட்டுகிறது, அவ்வளவுதான். `h[n−k]` இல் இருக்கிற `n−k` என்பது k ஆம் மணித்தியாலத்து மழைக்கு இப்போது எத்தனை மணி வயது என்பது. பழைய மழைக்கு வயது கூட. ஒரு பருவம் முழுக்க நான் தாளில் கண்ணாடி பிடித்துத் திருப்பப் பார்த்த சாமான், வயதுக் கணக்கு.

என் விடையில் பிழை எங்கே என்பதும் அப்போது தெரிந்தது. என் முதல் எண் 4. ஒரு அளவு மழைக்கு முதல் மணித்தியாலத்தில் 1 தான் வரும் என்றால், 2 அளவுக்கு 2 தானே வரவேண்டும்? 4 எப்படி? நான் திருப்பாமல் நகர்த்தியபடியால் மழையின் வால் முதலில் வந்து விழுந்திருக்கிறது. காட்டுக்குள் ஊறின தண்ணி, கிட்டப் பெய்த தண்ணியை முந்திக்கொண்டு குளத்துக்கு வந்த மாதிரி. இதைக் கூட்டுத்தொகை காட்டாது, ஏனென்றால் வால் முன்னுக்கு வந்தாலும் மொத்தத் தண்ணி அதே 36 தான். பார்க்கவேண்டியது ஓரங்களை. முதல் எண் முதல் × முதல், இங்கே 2 × 1. கடைசி எண் கடைசி × கடைசி, 3 × 2.

உச்சம் 11 நாலாவது மணித்தியாலத்தில் வருகிறது. மழை மூன்றாவதோடு விட்டுவிட்டது. பெரியப்பா படுக்காமல் இருந்ததற்குக் காரணம் அந்த 11.

பதினொன்றரைபோல கரண்ட் வந்தது. நம்பிக்கை இல்லாமல் இல்லை, ஆனாலும் மடிக்கணினியைத் திறந்து போட்டுப் பார்த்தேன்.

```python
import numpy as np
print(np.convolve([2,1,3],[1,3,2]))            # [ 2  7 10 11  6]
print(np.correlate([2,1,3],[1,3,2],'full'))    # [ 4  8 11 10  3]
```

இரண்டாவது வரியில் என் பிழையான விடை அப்படியே வந்தது. நான் இவ்வளவு நாளும் செய்தது, திருப்பாமல் நகர்த்திப் பெருக்கிக் கூட்டுகிற கொறலேஷன்.

இனி தொடர்ச்சியான சிக்னல். எனக்குப் பயம் அதில்தான் கூட, தொகையீட்டின் எல்லைகளை எப்போதும் பிழையாகப் போடுவேன். பாஸ்ட் பேப்பரில் அடிக்கடி வருகிற கேள்வி: ஒரு செக்கன் நீளமுள்ள, உயரம் 1 ஆன பல்ஸ், t ≥ 0 இல் `h(t) = e^(−t)` ஆன சுற்றுக்குள் போகிறது. இரண்டு கட்டமாகப் பிரிக்கவேண்டும் என்று தெரியும், ஏன் என்றுதான் தெரியாமல் இருந்தது. இப்போது அதையும் மழையாகவே பார்த்தேன். பெய்துகொண்டிருக்கும்போது, இதுவரை பெய்தது எல்லாம் சேரும், ஆகவே 0 இலிருந்து t வரை. விட்ட பிறகு, t எவ்வளவு போனாலும் மழை பெய்தது 0 இலிருந்து 1 வரை மட்டும்தான்.

```
0 ≤ t ≤ 1 :  y(t) = 1 − e^(−t)
t > 1     :  y(t) = (e − 1) e^(−t)
```

இரண்டிலும் t = 1 போட்டால் 0.632 வருகிறது. மழை விட்ட கணத்தில் தண்ணி பாய்ந்து ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. இந்த இடத்தில் இரண்டு எண்ணும் ஒட்டாவிட்டால் எல்லையில் எங்கேயோ பிழை விட்டிருக்கிறோம் என்று அர்த்தம். இங்கே உச்சம் மழை விடுகிற அதே கணத்தில்தான் வருகிறது என்பதையும் கவனித்தேன். `e^(−t)` க்குத் தலைதான் பெரிது, நடு பெரிதில்லை.

விடிய, தேத்தண்ணி குடிக்கும்போது பெரியப்பாவிடம் அந்த அட்டவணையைக் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலை வைத்து வாசித்தார்.

"சரிதான். ஆனா இது மாரி நடுவில பெய்யிற மழைக்கு. கோடை முடிஞ்சு ஐப்பசியில வாற முதல் மழைக்கு இந்தக் கணக்குப் போடாதை. காஞ்ச நிலம் ரெண்டு பாட்டத்தையும் குடிச்சிட்டுப் பேசாமல் கிடக்கும். ஆத்தில ஒரு சொட்டும் வராது."

சிவில் படிக்கிற அக்கா ஒருத்தி பஸ்ஸில் இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள். 1932 இல் ஷெர்மன் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் முன்வைத்த முறையை அவர்கள் படிக்கிறார்களாம். ஒரு அளவு மழைக்கு ஆறு எப்படி ஏறி இறங்கும் என்ற வரைபை வைத்து, மற்ற மழைகளுக்கு அதைப் பெருக்கி, தள்ளி, கூட்டுவது. என் அட்டவணையேதான். ஆனால் நிலம் குடித்ததை முதலில் கழித்துவிட்டு, மிஞ்சிய மழையை மட்டும்தான் போடுவார்களாம்.

சோதனையில் மூன்றாவது கேள்வி கொன்வொலூஷன். சமச்சீர் இல்லாத நாலு எண்கள், தலையும் வாலும் வேறு வேறு. ஓரங்களைப் பார்த்துவிட்டு அடுத்த பக்கம் போனேன். கடைசிப் பகுதியில், கொன்வொலூஷன் செல்லுபடியாக சிஸ்டத்துக்கு இருக்கவேண்டிய இரண்டு இயல்புகளையும், அவை இல்லாத ஒரு சிஸ்டத்துக்கு உதாரணமும் கேட்டிருந்தார்கள். இரண்டு மடங்கு போட்டால் இரண்டு மடங்கும், இரண்டைச் சேர்த்துப் போட்டால் இரண்டினதும் கூட்டும் வரவேண்டும், இன்று போட்டாலும் நாளை போட்டாலும் அதே மாதிரி வரவேண்டும் என்று எழுதினேன். உதாரணத்துக்கு மற்றவர்கள் சிக்னலை வர்க்கிக்கும் சிஸ்டத்தை எழுதியிருப்பார்கள். நான் ஐப்பசி முதல் மழையை எழுதினேன்.