ஒரே கேஸ் ஷீட்டில் 36-உம் 52-உம்

"அப்போ, இவங்க சிறுநீரகம் இந்த நாலு நாள்ல தேறிடுச்சா சார்?"

டூட்டி டாக்டர் கேட்டது இதைத்தான். கிண்டல் கொஞ்சம், உண்மையான சந்தேகம் மிச்சம். கேஸ் ஷீட்டில் என் கையெழுத்தில் இரண்டு எண்கள் இருந்தன. ஊசி தொடங்கிய அன்று, சிறுநீரகம் எவ்வளவு வேகமாக வடிகட்டுகிறது என்று காட்டும் கிரியேட்டினின் கிளியரன்ஸ் 36 என்று எழுதியிருந்தேன். டிஸ்சார்ஜ் மாத்திரைக்கு 52. கிரியேட்டினின் அன்றும் 1.6, இன்றும் 1.6. மாறியது நான் போட்ட எடை மட்டும்தான்.

அந்த அம்மாவுக்கு வயது 72, உயரம் 5 அடி 2 அங்குலம், எடை 104 கிலோ. இதயத் துடிப்பு சீராக இல்லாததால் ரத்தம் உறையாமல் இருக்க மருந்து தேவைப்பட்டது. நாம் எல்லோரும் போடும் காக்ராஃப்ட்-கால்ட் கணக்குதான்:

(140 − வயது) × எடை ÷ (72 × கிரியேட்டினின்), பெண்களுக்கு × 0.85

இவருக்கு எடையைத் தவிர மற்றதையெல்லாம் போட்டால் 0.5 வருகிறது. அதாவது ஒவ்வொரு கிலோவும் நிமிடத்துக்கு அரை மில்லிலிட்டர். ஒரு கிலோ எங்கே கொழுப்பு, எங்கே தசை என்று சூத்திரத்துக்குத் தெரியாது. 104-ஐ அப்படியே போட்டால் 52. உயரத்தை வைத்துச் சொல்லும் 'ஐடியல்' எடை 50 கிலோ, அதற்கு 25. இரண்டுக்கும் நடுவே சரிசெய்த எடை இருக்கிறது: ஐடியலோடு, கூடுதலாக உள்ள 54 கிலோவில் நாற்பது சதவீதத்தைச் சேர்ப்பது. 72 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக வரும், கிளியரன்ஸ் 36.

இதே உயரத்தில் 55 கிலோ உள்ள ஒருவர் என்றால் இந்தப் பேச்சே வந்திருக்காது. 28 அல்லது 25, இரண்டும் ஊசிக்கான 30 என்ற கோட்டுக்குக் கீழே, அடுத்த வேலைக்குப் போய்விடலாம்.

எனாக்ஸாபரின் ஊசிக்கு 30 ஒரு கோடு. அதற்கு மேல் என்றால் கிலோவுக்கு 1 மி.கி., 12 மணி நேரத்துக்கு ஒருமுறை. கீழே என்றால் அதே அளவு நாளுக்கு ஒரு தடவை. டாக்டர் ஐடியல் எடையைப் போட்டு 25 என்று ஒரு வேளைக்கு எழுதியிருந்தார். நான் 36 என்று சொல்லி இரு வேளைக்கு மாற்றச் சொன்னேன். அன்று என் வாதம் எளிமையானது. கிரியேட்டினின் தசையிலிருந்து வருகிறது, கொழுப்பிலிருந்து அல்ல. ஆகவே 104 என்று போட்டால் கிளியரன்ஸ் மிகையாகத் தெரியும். ஆனால் இவ்வளவு உடம்பைச் சுமப்பவருக்கு அதே உயரமுள்ள ஒல்லியானவரை விடத் தசையும் கூடத்தான் இருக்கும். ஐடியல் எடை அதை ஒன்றுமில்லை என்று தள்ளிவிடுகிறது. பருமனானவர்களில் நிஜமாகச் சிறுநீர் சேகரித்து அளந்த கிளியரன்ஸோடு ஒப்பிட்டால் 0.4 போட்ட எடைதான் ஓரளவு பக்கத்தில் வருகிறது. இதை இன்றும் சொல்வேன்.

டிஸ்சார்ஜ் அன்று ரிவராக்ஸபன். துடிப்புக் கோளாறுக்கு இதன் கோடு 50: மேலே என்றால் 20 மி.கி., 50-உம் அதற்குக் கீழும் 15. இந்த மாத்திரையைச் சோதித்த பெரிய ஆய்வில் யாருக்கு 15, யாருக்கு 20 என்று பிரித்தபோது உண்மையான எடையைத்தான் கணக்கில் போட்டார்கள். அந்த 50 என்ற கோடே அந்தக் கணக்கிலிருந்து வந்தது. ஆகவே அந்தக் கோட்டோடு ஒப்பிட வேண்டுமானால் அதே அளவுகோலால்தான் அளக்க வேண்டும். 104 போட்டேன், 52 வந்தது, 20 என்று எழுதினேன்.

இதை டாக்டரிடம் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். அப்புறம் சொன்னதுதான் இன்னும் குடைகிறது: "சார், ரெண்டு தடவையும் டோஸ் கூடுற பக்கம்தான் உங்க எடை போச்சு. போன மாசம் அந்த ஒல்லித் தாத்தாவுக்கு மட்டும் குறையுற பக்கம் போச்சு."

அந்தத் தாத்தாவும் என் கணக்குதான். 80 வயது, 170 செ.மீ., 38 கிலோ, கிரியேட்டினின் 0.5. ஐடியல் எடை 66 கிலோ. அதைப் போட்டால் கிளியரன்ஸ் 110. எண்பது வயதில், எலும்பும் தோலுமாய்க் கிடப்பவருக்கு 110! எடை ஐடியலை விடக் குறைவு என்றால் இருக்கிற எடையைத்தான் போட வேண்டும். இல்லாத தசையைக் கடனாகக் கொடுக்கக் கூடாது. 38 போட்டால் 63. அதையும் நான் நம்பவில்லை. 0.5 என்பது சிறுநீரகம் நன்றாக இருப்பதால் வந்ததா, கிரியேட்டினின் உண்டாக்கத் தசையே இல்லாததால் வந்ததா? சிலர் இந்த இடத்தில் கிரியேட்டினினை 1 என்று உயர்த்திப் போடுவார்கள்; அப்போது 32 ஆகிவிடும். அந்த வழக்கத்துக்கு நல்ல ஆதாரம் இல்லை என்பதால் நான் உயர்த்தவில்லை. ஆனால் மருந்தைத் தேர்ந்தெடுக்கும்போது 63 இருப்பவரைப் போல நடத்தவும் இல்லை. எண்ணை மாற்றாமல் மனசுக்குள் குறைத்துக்கொண்டேன். டாக்டர் பார்த்தது அதைத்தான்.

விடையை முன்கூட்டி முடிவு செய்துவிட்டுத்தான் எடையைத் தேடுகிறேனா? இல்லை என்று சொல்ல எனக்கு விதி இருக்கிறது: ஐடியலை விடக் குறைவு என்றால் உண்மை எடை, அதைவிட 20, 30 சதவீதம் கூடுதல் என்றால் சரிசெய்தது, ரிவராக்ஸபன் மாதிரி மருந்துக்கு ஆய்வில் போட்டது. அந்த அம்மாவின் எடை ஐடியலைப் போல இரு மடங்கு. எல்லைத் தகராறு ஒன்றும் இல்லை. ஆனால் எனாக்ஸாபரினின் 30 எந்த எடையை வைத்து வந்தது என்று அன்று நான் கேட்டுக்கொள்ளவே இல்லை. மாத்திரைக்குக் கேட்ட கேள்வியை ஊசிக்குக் கேட்கவில்லை. 104 போட்டிருந்தாலும் இரு வேளைதான் வந்திருக்கும், முடிவு மாறாது. அது சமாதானம்தான், பதில் இல்லை.

இந்த எண்களின் வேரைப் பார்த்தால் தெம்பு இன்னும் குறைகிறது. காக்ராஃப்ட்டும் கால்ட்டும் 1976-இல் வெளியிட்ட சூத்திரம் 249 நோயாளிகளை வைத்து வந்தது, பெரும்பாலும் ஆண்கள். ஐடியல் எடைக் கணக்கை டெவைன் 1974-இல் எழுதியது ஜென்டாமைசின் டோஸுக்காக. இந்த இரண்டையும் ஒட்டி, நடுவில் ஒரு 0.4-ஐச் செருகி, வரும் எண்ணை 30-க்கு மேலா கீழா என்று நான் தீர்ப்புச் சொல்கிறேன்.

ஊசி போட்ட நாட்களில் ஹீமோகுளோபின் இறங்கவில்லை, ரத்தக் கசிவும் இல்லை. அதனால் 36 சரி என்று ஆகிவிடாது. 25 என்றே வைத்திருந்தாலும் அந்த அம்மா நன்றாகவே இருந்திருக்கலாம். மருந்து அளவை ரத்தத்தில் அளக்கும் ஆன்டி டென்-ஏ சோதனை அங்கே இல்லை. மூன்றாவது டோஸுக்கு நாலு மணி நேரம் கழித்து ஒரு மாதிரி எடுத்திருந்தால் எடைச் சண்டையே வேண்டியிருக்காது.

டாக்டரிடம் ஒரு விஷயத்தில் மட்டும் உடனே ஒத்துக்கொண்டேன். இப்போது எண்ணுக்குப் பக்கத்தில் எந்த எடை, எதற்காக என்றும் எழுதுகிறேன்: "36, சரிசெய்த எடை, எனாக்ஸாபரின்." "52, உண்மை எடை, ரிவராக்ஸபன்." அடுத்து பார்ப்பவர் சிறுநீரகம் தேறியது என்று நினைக்க மாட்டார்.

டிஸ்சார்ஜ் தாளில் கிரியேட்டினினை மறுபடி பார்க்கச் சொல்லி எழுதினேன். 1.7 என்று வந்தால் கிளியரன்ஸ் 49 ஆகிவிடும், மாத்திரை 15 ஆக வேண்டும். 0.1 என்பது எந்த லேபிலும் சும்மா வந்துபோகும் வித்தியாசம். ஒரே ஒரு 1.7-ஐப் பார்த்து மாற்றச் சொல்வேனா, இன்னொரு முறை பார்க்கலாம் என்பேனா? இரண்டாவதைத்தான் செய்வேன் என்று தோன்றுகிறது. அதுவும் டோஸ் கூடுற பக்கம்தான்.