ஜனவரி முதல் மே வரை எங்கே இருந்தீர்கள்?

2024 ஜூன் 2ஆம் தேதி மலேசியாவில் வந்து இறங்கினேன். பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் உதவிப் பொறியாளர் வேலை, மாதம் 6,000 ரிங்கிட் சம்பளம். ரிங்கிட்டை இங்கே எல்லாரும் வெள்ளி என்கிறார்கள். 'ஆறாயிரம் வெள்ளி' என்று முதன்முதலில் கேட்டபோது நகைக்கடை நினைவுதான் வந்தது.

ஜூன் மாதச் சம்பளச் சீட்டைப் பார்த்ததும் அந்த மகிழ்ச்சி அடங்கியது. 1,800 வெள்ளியை வரி என்று பிடித்திருந்தார்கள். ஆலையின் கணக்கு எழுத்தரிடம் போனேன், இங்கே அவரைக் கிராணி என்பார்கள். ஐம்பதைத் தாண்டியவர், தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தவர். "தம்பி, நீங்கள் இன்னும் இந்த நாட்டுக்கு வரிக் கணக்கில் குடிவாசி இல்லை. குடிவாசி அல்லாதவருக்கு முதல் வெள்ளியிலிருந்தே முப்பது சதவீதம். ஒரு வருடத்தில் 182 நாள் இருந்து காட்டுங்கள், கதை மாறும்" என்றார். நாள்காட்டியில் எண்ணிப் பார்த்தேன். நாட்டை விட்டு நகராமல் இருந்தால் நவம்பர் 30ஆம் தேதியோடு சரியாக 182 நாள். தீபாவளிக்கு ஊருக்குப் போகவேண்டாம் என்று அவரே எச்சரித்தார். அது தேவையற்ற பயம் என்று பின்னால்தான் புரிந்தது. டிசம்பர் முடிய மொத்தம் 213 நாள் வரும் என்பதால் பத்து நாள் போய் வந்திருந்தாலும் குறைந்திருக்காது. அந்தத் தீபாவளியைப் பக்கத்து வீட்டு முறுக்கோடு கழித்தேன்.

அதற்கு முன் வரி எண் வாங்கவேண்டும். புதிதாகச் சேர்ந்தவரைப் பற்றி நிறுவனம் முப்பது நாளுக்குள் வருமான வரி வாரியத்துக்குச் சொல்லவேண்டும். அதைக் கிராணி செய்துவிட்டார். எண்ணுக்கான விண்ணப்பத்தை நானே mytax.hasil.gov.my தளத்தில் e-Daftar வழியாகப் போட்டேன். முதல் தடவை கடவுச்சீட்டின் படப் பக்கத்தை மட்டும் ஏற்றியதால் திரும்பி வந்தது. வேலை அனுமதி ஒட்டியிருக்கும் பக்கத்தையும் சேர்த்து மறுபடி அனுப்பியபின் IG என்று தொடங்கும் எண் கிடைத்தது.

எண்ணை நிறுவனப் பதிவேட்டில் ஏற்றியபோது பெயர் ஒத்துப்போகவில்லை. இந்நாட்டுத் தமிழர் பெயர்களில் மகன் பெயருக்கும் தகப்பன் பெயருக்கும் நடுவில் A/L என்று வரும். மலாயில் 'மகன்' என்பதன் சுருக்கம் அது. கிராணி பழக்கத்தில் என் பெயருக்கு நடுவிலும் அதைப் போட்டுவிட்டிருந்தார். என் கடவுச்சீட்டில் அப்படி ஏதும் இல்லை. "முப்பது வருடமாக எழுதுகிறேன், கை தானாகப் போகிறது" என்று சிரித்துக்கொண்டே அந்த எழுத்துகளை அடித்து நீக்கினார். கடவுச்சீட்டில் உள்ளபடியே எல்லா இடத்திலும் எழுத்து மாறாமல் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் பிடித்த வரி ஒரு பெயரிலும் நாம் வேறொரு பெயரிலும் நிற்போம். இணையக் கணக்கைத் திறக்க வேண்டிய 16 இலக்க எண்ணுக்கு வரி வாரியத்தின் ஈப்போ கிளைக்குப் பஸ் பிடித்துப் போனேன். அதில் சொல்ல ஒன்றும் இல்லை.

உண்மையான சிக்கலை நானே உண்டாக்கிக்கொண்டேன். அடுத்த மார்ச் மாதம் வரிப் படிவம் நிரப்பும் காலம் வந்தது. ஜூன் முதல் டிசம்பர் வரை ஏழு மாதச் சம்பளம் 42,000 வெள்ளி என்று நிறுவனம் கொடுத்த ஆண்டுச் சான்று சொன்னது. படிவமோ ஆண்டு வருமானத்தைக் கேட்டது. ஜனவரி முதல் மே வரை தமிழ்நாட்டில் ஒரு ஆலையில் மாதம் 70,000 ரூபாய் வாங்கியிருந்தேன். ஐந்து மாதத்துக்கு 3,50,000 ரூபாய், ஏறக்குறைய 20,000 வெள்ளி. மறைத்தால் தப்பாகிவிடுமே என்று அதையும் கூட்டி 62,000 என்று எழுதி அனுப்பினேன். இரண்டு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. சான்றில் 42,000, படிவத்தில் 62,000, இடைப்பட்ட 20,000 எங்கிருந்து வந்தது, ஜனவரி முதல் மே வரை எங்கே இருந்தீர்கள், ஆவணங்களோடு விளக்கவும் என்று. அதுவரை திருப்பித் தரவேண்டிய பணம் நிற்கும்.

அன்றிரவு தூக்கம் இல்லை. மறைத்தவனைக் கேட்பார்கள் என்று தெரியும்; கூட்டிச் சொன்னவனையும் கேட்பார்கள் என்று தெரியாது.

ஈப்போ கவுண்டரில் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். கடவுச்சீட்டின் முத்திரைகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். இரண்டே கேள்விகள்தாம் கேட்டார். அந்த ஐந்து மாத வேலையை எங்கிருந்து செய்தீர்கள்? அந்தப் பணத்தை இங்கே கொண்டுவந்தீர்களா? வேலை முழுவதும் இந்தியாவில்தான், பணமும் அங்கே வங்கியில்தான் கிடக்கிறது என்றேன். வேறு நாட்டில் உட்கார்ந்து செய்த வேலைக்கான கூலி இந்நாட்டு வருமானமே இல்லை, ஒரே ஆண்டுக்குள் வந்தது என்பதாலேயே அது இங்கே சேராது என்றார். குடிவாசி ஆனபின் அதை இங்கே கொண்டுவந்தால் கேள்வி எழும். ஆனால் அங்கே வரிக்கு உட்பட்ட தனிநபர் வருமானத்துக்கு இப்போதைக்கு விலக்கு உண்டு, 2026இல் முடியவிருந்த அதை 2036 வரை நீட்டிப்பதாக 2025ஆம் ஆண்டு பட்ஜெட்டில் அறிவித்திருக்கிறார்கள்.

நான் கூட்டிச் சொன்னதால் என்ன ஆயிற்று என்பதை அவர் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். 42,000இல் தனிநபர் கழிவு 9,000 போனால் 33,000. அதற்கு வரி 540. வரிக்குரிய வருமானம் 35,000க்குள் இருப்பதால் 400 தள்ளுபடி. கட்டவேண்டியது 140 வெள்ளி. நான் எழுதிய 62,000இல் அதே 9,000 போய் 53,000 என்றால் தள்ளுபடியும் போய் 1,830 வெள்ளி. நவம்பர் வரை ஆறு மாதம் என்னிடம் பிடித்தது 10,800. டிசம்பரில் கிராணி என்னைக் குடிவாசிக் கணக்குக்கு மாற்றியதால் பிடித்தம் இல்லை.

திருத்தப் படிவம் ஒன்று உண்டு என்று கேள்விப்பட்டு அதைக் கேட்டேன். அது குறைத்துக் காட்டியவர்கள் கூட்டிச் சொல்வதற்காம். என்னைப் போல் கூட்டிக் காட்டியவர், பிழையால் அதிகம் வரி விழுந்தது என்று வருமான வரிச் சட்டத்தின் 131ஆம் பிரிவில் எழுத்து மூலம் நிவாரணம் கேட்கவேண்டும்.

ஆவணம் திரட்டும்போது இந்திய நிதியாண்டு குறுக்கே வந்தது. ஜனவரி முதல் மார்ச் வரையிலான சம்பளம், நிறுவனம் நிதியாண்டுதோறும் தரும் சம்பள, வரிப் பிடித்தச் சான்றான படிவம் 16 ஒன்றில் இருக்கிறது. ஏப்ரல், மே இரண்டும் அடுத்த நிதியாண்டைச் சேர்ந்தவை; அதற்கான படிவம் ஜூன் மாதத்தில்தான் வரும். பழைய ஆலையின் கணக்குப் பிரிவு அதற்குமுன் தர மறுத்துவிட்டது. ஆகவே ஏப்ரல், மே சம்பளச் சீட்டுகளையும் மே 31 என்று தேதியிட்ட, வேலையிலிருந்து விடுவித்த கடிதத்தையும் வங்கிக் கணக்கின் ஐந்து மாத நகலையும் வைத்தேன். மேலே ஒரு பக்கக் கடிதம்: எந்தத் தேதியில் எங்கே இருந்தேன், எந்தத் தொகை எந்தச் சீட்டில் இருக்கிறது, பிழை எப்படி நேர்ந்தது. கடவுச்சீட்டில் வெற்றுப் பக்கங்கள் உட்பட எல்லாவற்றையும் நகல் எடுத்தேன். முத்திரை இல்லாத பக்கமும் நான் வெளியே போகவில்லை என்பதற்குச் சாட்சிதானே. நகலகத்துப் பையன் வெற்றுத்தாளை எதற்கு எடுக்கிறீர்கள் என்று இரண்டு முறை கேட்டான்.

ஆகஸ்டில் 10,660 வெள்ளி கணக்கில் விழுந்தது. அன்று மாலை கிராணிக்கு ஒரு தே தாரிக் வாங்கிக் கொடுத்தேன். ராஜபாளையத்திலிருந்து புதிதாக ஒருவர் வருகிறாராம். A/L போடாமல் பெயரை எழுதியிருப்பதாகச் சொல்லிக் கோப்பைத் திறந்து காட்டினார். போட்டுத்தான் இருந்தது.