ஆர்ஏசி 12

6 ஜூலை 2025, ஞாயிறு, ராயபுரம்

இன்று காலை எட்டு மணிக்கு செப்டம்பர் 4 ராத்திரி வண்டிக்கான முன்பதிவு திறந்தது. அறுபது நாள் முன்னால்தான் திறப்பார்கள், பயண நாள் அதில் சேராது. மறுநாள் வெள்ளி, காலண்டரில் மிலாதுநபி விடுமுறை. கேரளா பக்கம் திருவோணம் வேறு. கோவையிலிருந்து வரும் எந்த வண்டியும் காலியாக இருக்காது. அவன் கோவையில், நான் இங்கே, ரெண்டு பேரும் ஆளுக்கொரு போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அந்தப் பத்து நிமிஷ வாட்ஸ்அப் பேச்சை அப்புறம் படித்தபோது, இதில் எதையும் சேர்க்காமல் வரியை மட்டும் உடைத்தாலே கவிதை ஆகிவிடும் என்று தோன்றியது.

ஏழு அம்பத்தஞ்சுக்கே உள்ள போய் உட்காரு.
உட்கார்ந்துட்டேன். ஓடிபி வரல.
வந்துச்சா?
ஆர்ஏசி 12.
பாதி சீட்டுன்னாலும் வண்டி ஏறலாம்ல?
ஏறலாம். சைடு லோயர். எதிர்ல ஒருத்தர் காலை நீட்டுவார்.
பெரம்பூர்லயே இறங்கிடு.
ஏன், சென்ட்ரல்?
பேசின் பிரிட்ஜ்ல சிக்னலுக்கு நிப்பாட்டிடுவான்.

வெயிட்டிங் லிஸ்ட் என்றால் கதை வேறு. ஆன்லைனில் போட்ட டிக்கெட், சார்ட் போட்ட பிறகும் வெயிட்டிங்கிலேயே இருந்தால் தானாக ரத்தாகிவிடும், பணம் திரும்பி வரும், ஆள் வரமாட்டான்.

9 ஜூலை, புதன்

ஞாயிற்றுக்கிழமை அவன் திரும்பிப் போகிற டிக்கெட்டுக்கு இன்றுதான் தேதி. அவனுக்குக் காலை ஷிஃப்ட், அதனால் நான் போட்டேன். வரும்போது பாதி சீட்டுக்கு அவ்வளவு பாடு, போவதற்கு மட்டும் அப்பர் பெர்த் உடனே கன்ஃபர்ம். எரிச்சலாக வந்தது. அவனுக்கு அனுப்பியது ஒரே வரி, அதைத் தொடாமல் அப்படியே வைத்திருக்கிறேன்:

நீ போறதுக்கு இடம் கிடைச்சிடுச்சு.

13 ஜூலை

கவிதையில் பெயரைப் போடாதே என்கிறான். போடமாட்டேன், அகப்பாட்டில் தலைவன் தலைவிக்குப் பெயர் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியமே சொல்லியிருக்கிறது. ரயிலுக்கும் ஸ்டேஷனுக்கும் பெயர் இருக்கலாம். காசிமேட்டுக் கருவாடு பற்றிய வரிகளை எடுக்கச் சொன்னான், ரூம்மேட் படித்தால் கிண்டல் பண்ணுவானாம். முடியாது. இந்தக் கவிதையில் கொஞ்சலுக்குக் கிட்டே வருவது அது ஒன்றுதான்:

திரும்பிப் போறப்ப வஞ்சிரம் கருவாடு தரேன். மூணு கவர் போட்டு.
நாறுமா?
ஜன்னல் பக்கம் வைக்காதே, பைக்குள்ள வை.

4 செப்டம்பர், வியாழன்

சார்ட் வந்தும் ஆர்ஏசிதான். S7, 31. அம்மாவிடம் ஃபிரெண்டைக் கூப்பிடப் பெரம்பூர் போகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன், அம்மா எந்த ஃபிரெண்டு என்று கேட்கவில்லை, கேட்காததுதான் பயம்.

ராத்திரி ஒன்றரைக்கு மெசேஜ்:

சேலம். எதிர்ல இருந்தவர் இறங்கிட்டார். முழுசா நீட்டிட்டேன்.
அரக்கோணம் வந்ததும் எழுந்துரு.

இதையும் சேர்த்துக்கொண்டேன். ஷேர் ஆட்டோவுக்குச் சில்லறை எடுத்து வைக்க வேண்டும்.