தகரத்துக்குள் போன மா

"பைக்கற்றை எங்கே வைப்பீர்கள், அக்கா?" என்று கேட்டேன். அவர் குசினிப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். "வாங்கி வந்த கையோடு மா தகரத்துக்குள் போய்விடும், தங்கச்சி. பைக்கற் குப்பைக்கு."

வெள்ளவத்தை மாடிவீடு ஒன்றில் நடந்த உரையாடல். வறுத்த அரிசிமா விற்கும் எங்கள் நிறுவனத்துக்காக, மக்கள் எந்த வேலையை முடித்துக்கொள்ள இந்தப் பைக்கற்றை வாங்குகிறார்கள் என்று விசாரித்துக்கொண்டிருந்தேன். பொப் மொயெஸ்டா போன்றவர்கள் வளர்த்தெடுத்த நேர்காணல் முறை. "உங்களுக்கு என்ன வேண்டும்?" என்று அதில் கேட்பதில்லை. கடைசியாக வாங்கிய நாளை எடுத்துக்கொண்டு, வாங்கும் எண்ணம் முதலில் எழுந்த இடம்வரை பின்னோக்கிப் போகவேண்டும். பழைய வழக்கத்திலிருந்து தள்ளியது எது, புதியதை நோக்கி இழுத்தது எது, தயங்க வைத்தது எது, விடாமல் பிடித்துவைத்த பழக்கம் எது என்று நான்கையும் கேட்கவேண்டும்.

முதலில் அவரும் எல்லோரையும் போல "நேரம் மிச்சம்" என்றுதான் சொன்னார். அந்தப் பதிலை நான் நம்புவதில்லை. எந்தப் பொருளுக்கும் பொருந்துகிற பதில் அது. மிச்சமான நேரத்தில் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் உண்மை வெளிவந்துவிடும். அவரிடம் கேட்டபோது, நேரம் ஒன்றும் மிஞ்சவில்லை என்றார். இடியப்பத்துக்கு மா குழைப்பது இன்னமும் அம்மாதான். முன்பைவிட மெதுவாகக் குழைக்கிறார்.

தள்ளியது எது என்பது தெளிவாகவே இருந்தது. ஊற வைத்த அரிசியை உலர்த்த மாடிவீட்டில் முற்றமில்லை. வறுக்கும்போது கிளம்பும் புகை பக்கத்து வீட்டுக்குப் போகிறது. அம்மாவின் மணிக்கட்டோ, அடிப்பிடிக்காமல் கிளறிக்கொண்டே இருக்க இனி இடங்கொடுக்காது. ஆனால் தயக்கத்தைக் கேட்டபோது குரல் இறங்கிவிட்டது. தெகிவளையில் இருக்கும் தங்கை வறுத்துக் கொடுத்த மா என்று சொல்லித்தான் அம்மாவின் தகரத்தில் கொட்டுகிறாராம். "கடை மா என்று தெரிந்தால், பிறகு நான் எதற்கு, இடியப்பத்தையே கடையில் வாங்கு என்று சொல்லிவிடுவார்." அந்த நேரம் பார்த்து அம்மா தேநீர் கொண்டு வந்தார். நாங்கள் விலையைப் பற்றிப் பேசத் தொடங்கினோம்.

ஹார்வர்ட் வணிகப் பேராசிரியர் கிளேய்டன் கிறிஸ்டென்சன் புகழ்பெறச் செய்த மில்க்‌ஷேக் கதை இந்தத் துறையில் எல்லோருக்கும் தெரியும். காலையில் தனியாகக் காரோட்டிப் போகிறவர்கள், நீண்ட பயணத்தின் சலிப்புக்கும் பசிக்கும் துணையாக அதை வாங்கினார்கள். கடையில் நின்று கவனித்தாலே பாதி பிடிபட்டுவிடுகிற வேலை அது. நான் கேட்டதோ கடையைத் தாண்டி வீட்டுக்குள் நடப்பது. அங்கே எங்கள் மாவுக்குப் போட்டி இன்னொரு நிறுவனத்தின் மா அல்ல. வீட்டுக்கே வரும் இடியப்பப் பார்சலும், ஒன்றும் சமைக்காமல் வாங்கிவிடும் பாணும்தான். அவை வந்தால் அம்மாவுக்குக் குசினியில் வேலை இருக்காது.

எங்கள் அலுவலகத்தில் அப்போது இரண்டு திட்டங்கள் இருந்தன. பச்சைத் தண்ணீரிலேயே குழைக்கக்கூடிய மா ஒன்று. திறந்து மூடும் பட்டி வைத்த புதிய பை மற்றது. இந்த வீட்டைப் பொறுத்தவரை, முதலாவது வந்தால் தண்ணீரின் சூடு பார்க்கும் பக்குவம் அம்மாவின் கையை விட்டுப் போய்விடும். இரண்டாவது வீண் செலவு. பை நேரே குப்பைக்குத்தானே போகிறது. அறிக்கையில் இதை எழுதினேன். "மூத்தவரின் வேலை அவரிடமே இருக்கும்படி, அவரால் முடியாத பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வது" என்று. வீட்டையோ ஆளையோ அடையாளம் காட்டவில்லை. அந்தப் பெண்ணுக்கு நான் கொடுத்த வாக்கு அவ்வளவுதான், அதை மீறவில்லை. ஆனாலும் மறைத்த கதையொன்றை விளம்பரப் பிரிவின் மேசையில் கொண்டுபோய் வைத்தது நான்தானே என்று இன்னும் தோன்றுகிறது. அவர்கள் உடனே "அம்மாவுக்குத் தெரியாது!" என்று வாசகம் எழுதிப் பார்த்தார்கள். அதைத் தடுத்துவிட்டேன். தடுக்கும் அதிகாரம் எனக்கு இருந்ததா என்பது வேறு விடயம்.

மேலாளர் கேட்டது ஒன்றே ஒன்று: "இப்படி எத்தனை வீடு இருக்கும்?" நியாயமான கேள்விதான். பத்துப் பன்னிரண்டு நேர்காணல்களில் ஒரு வேலையின் வடிவம் தெரியும், அளவு தெரியாது. அளவுக்குக் கருத்துக்கணிப்பு வேண்டும். ஆனால் அம்மாவுக்கு மறைத்து வாங்குகிறீர்களா என்ற கேள்விக்கு யார் "ஆம்" என்று குறி போடுவார்கள்? அதனால் சுற்றி வளைத்து, "மாவை வேறு பாத்திரத்துக்கு மாற்றுவீர்களா?" என்று கேட்டோம். ஏறத்தாழ எல்லோரும் மாற்றுகிறார்கள். கொழும்பின் ஈரக் காற்றுக்கும் வண்டுக்கும் பயந்து மாற்றுகிறவர் யார், அம்மாவுக்காக மாற்றுகிறவர் யார் என்று அந்தப் பதிலில் பிரித்தறிய வழியில்லை. பச்சைத் தண்ணீர் மாத் திட்டம் தொடர்ந்தது.